எல்இடி சரி, எண்ணிக்கை மட்டும் தப்பு

கேள்வி: 74HC393 வைத்து 0 முதல் 15 வரை எண்ணும் கவுன்ட்டர் செய்தேன். 4 வரும்போது கேட் வழியாக ஒரு பல்ஸ் எடுத்து அடுத்த கவுன்ட்டரின் க்ளாக்கில் கொடுத்தேன். ஒரு சுற்றுக்கு 1 கூடாமல் 3 கூடுகிறது. எல்இடி எல்லாம் சரியாக எரிகிறது. விற்றவர் 'ஐசி போலி, விலை கூடியதை வாங்குங்கள்' என்கிறார். மாற்றலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் ஐசி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இது ரிப்பிள் கவுன்ட்டர். க்ளாக் முதல் ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு மட்டுமே போகிறது. அது மாறிய பிறகுதான் அடுத்தது மாறும். ஒவ்வொன்றுக்கும் 15 நானோ வினாடி என்று வைத்துக்கொள்வோம். 7-இலிருந்து 8-க்குப் போக நான்கு பிட்டும் மாற வேண்டும். 0111 முதலில் 0110 ஆகும், அப்புறம் 0100, அப்புறம் 0000, கடைசியில்தான் 1000. அதாவது 7, 6, 4, 0, 8. நடுவில் வரும் 4 சுமார் 15 நானோ வினாடிதான் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கேட்டுக்குத் தெரியும். 5-இலிருந்து 6-க்குப் போகும்போதும் 0101, 0100, 0110 என்று ஒரு 4 எட்டிப் பார்க்கிறது. நிஜமான 4 ஒன்று, பொய் 4 இரண்டு. உங்கள் 3 வந்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் எல்லா அலைகளும் ஒரே கோட்டில் மாறுவதாக வரைந்து, பரீட்சையிலும் அதற்கே மதிப்பெண் தருகிறார்கள். பிறகு இப்படித்தான் ஆகும்.

கேட்டின் வெளியீட்டில் கெபாசிட்டர் போடச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். இன்று சரியாகும். ஆனால் மெதுவாக ஏறும் சிக்னலை க்ளாக்கில் கொடுத்தால், ஒரு ஏற்றத்தையே இரண்டாக எண்ணும் வாய்ப்பு உண்டு.

சரி, செய்ய வேண்டியது: இரண்டாவது கவுன்ட்டராக 74HC163 போடுங்கள். மூல க்ளாக்கை இரண்டுக்கும் கொடுங்கள். கேட்டின் வெளியீடு 163-இன் எனேபிளுக்குப் போகட்டும். இன்னொரு எனேபிள், லோடு, கிளியர் மூன்றையும் 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். 393 க்ளாக் இறங்கும்போது மாறும், 163 ஏறும்போது பார்க்கும். இடையில் அரை சுழற்சி இருக்கிறது. நான்கு படிக்கு 60 நானோ வினாடி, அதோடு கேட்டின் தாமதம்; 2 மெகாஹெர்ட்ஸில் அரை சுழற்சி 250. தாராளம்.

இன்னும் வேகம் வேண்டுமானால் முதலாவதையும் 163 ஆக்குங்கள். அது சிங்க்ரனஸ், எல்லா பிட்டும் ஒரே க்ளாக்கில் மாறும், தாமதம் படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகாது. ஆனாலும் கவனம்: பிட்டுகளுக்குள் ஓரிரு நானோ வினாடி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், கேட் அதையும் பிடிக்கலாம். ஆகவே சிங்க்ரனஸ் ஆனாலும் கேட்டின் வெளியீடு எனேபிளுக்குத்தான், ஒருபோதும் க்ளாக்குக்கு அல்ல. அதில் இரண்டும் ஒரே விளிம்பில் மாறுவதால், கோளாறு அடங்க அரை அல்ல, ஒரு முழு சுழற்சி கிடைக்கும்.