தினசரி அறிக்கையில் மூட்டைக் கணக்கும் கன அளவும்

கேள்வி: தருமபுரியில் ஒரு சிறிய அடுக்குமாடிக் கட்டடத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். தினமும் அறிக்கை எழுதுகிறேன். ஆனால் "தூண் கான்கிரீட் முடிந்தது" என்று எழுதினால் இன்ஜினியர் திருப்பி அனுப்பிவிடுகிறார். வேறு எப்படி எழுதுவது?

பதில்: கிருஷ்ணகிரியில் இதே அளவுள்ள கட்டடங்களின் அறிக்கைகளை எழுதியும் சரிபார்த்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்தத் தூண்கள், எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை, எத்தனை கன மீட்டர் என்ற மூன்றும் இருந்தால்தான் அன்றைய சிமெண்ட் செலவோடு வேலையை ஒப்பிட முடியும். உங்கள் இன்ஜினியர் எதிர்பார்ப்பது இந்த ஒப்பீட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் தளத்தில் ஆறு தூண்கள். ஒவ்வொன்றும் 230க்கு 450 மில்லிமீட்டர். ஸ்டார்ட்டருக்கு மேலிருந்து பீமின் அடிமட்டம் வரை உயரம் 2.6 மீட்டர். பெருக்கினால் மொத்தம் சுமார் 1.6 கன மீட்டர் வரும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற எம் 20 கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை ஆகும் என்பதால், செலவு 13 மூட்டையை ஒட்டி இருக்க வேண்டும். காலை இருப்பு 85, புதிய வரவு இல்லை, மாலை இருப்பு 68 என்றால் 17 மூட்டை போயிருக்கிறது. கூடுதலான நான்கு மூட்டைக்கும் காரணம் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். சென்ட்ரிங் பெட்டி இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் விரிந்திருந்தால் ஒரு மூட்டைக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். பெட்டியைப் பிரித்ததும் தூணை அளந்தால் அது தெரிந்துவிடும். மீதி மூட்டைகள் பெரும்பாலும் அதே நாளில் நடந்த செங்கல் கட்டுக்கோ பூச்சுக்கோ போயிருக்கும். அந்த வேலையைத் தனி வரியில் அளவோடு எழுதினால் கணக்கு நேராகிவிடும்.

செலவு கூடுவதைவிடக் குறைவதுதான் எனக்குக் கவலை தரும். 13 மூட்டை ஆக வேண்டிய இடத்தில் 9 மூட்டையே ஆகியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தூண்களின் மேல் அடுத்த பாரம் ஏறுவதற்குள் இன்ஜினியருக்கு அது தெரிய வேண்டும். ஆகவே கான்கிரீட் போடும் நாளில் மேஸ்திரி சொல்லும் எண்ணிக்கையை வாங்கி எழுதாமல், காலையிலும் மாலையிலும் நீங்களே அடுக்கை எண்ணிவிடுங்கள். காலிச் சாக்குகளையும் எண்ணினால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்கணக்கு, வானிலை, வந்த பொருள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும். கான்கிரீட் முடிந்த நேரத்தை மட்டும் விடாமல் எழுதுங்கள். தூணின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரம் கழித்தே கழற்ற வேண்டும் என்று ஐஎஸ் 456 விதி கூறுவதால், மறுநாள் காலை சென்ட்ரிங் ஆட்கள் அவசரப்பட்டால் உங்களுக்கு ஆதாரமாக இருப்பது அந்த நேரக் குறிப்புதான். தண்ணீர் நனைப்பையும் அதே தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்: நம் பகுதியின் வறண்ட வெயிலுக்கு அது 10 நாளுக்குக் குறையக் கூடாது, பிபிசி சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டுவது நல்லது. நனைப்பு முடியும் வரை அந்தத் தூண்களின் எண்கள் தினமும் அறிக்கையில் இடம்பெறட்டும்.