பக்கத்து மனை ஓரமாகப் போகும் மழைநீர் வடிகாலை அடைத்துவிட்டார்: கேஸ் போடலாமா?

கேள்வி: எங்கள் மனை பள்ளம். வாசல் இருக்கும் தெரு மேடு என்பதால் மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. 1996ல் அப்பா பக்கத்து மனைக்காரரிடம் கேட்டு, அவர் காம்பவுண்டு ஓரமாக 80 அடிக்குச் செங்கல் வடிகால் கட்டி அவர் மனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவின் வடிகாலில் விட்டார். செலவு முழுக்க அப்பாவுடையது. இரண்டு அப்பாக்களும் இப்போது இல்லை. அவருடைய மகன் பங்குனியில் மனையை மேடாக்கி, பேவர் பிளாக் போட்டு, வடிகால் மேல் ஸ்லாப் போட்டுச் சிமென்டால் பூசிவிட்டார். அதிலிருந்து முற்றத்தில் முழங்கால் தண்ணீர். போன வருஷம் அந்தத் தெரு வடிகாலையும் புதிதாகக் கட்டினார்கள், அங்கே ரோடும் எங்கள் முற்றத்தைவிட 8 அங்குலம் ஏறிவிட்டது. அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்தது நாங்கள்தான். இன்று ஃபோனைக்கூட எடுப்பதில்லை. ஸ்லாபை உடைக்கலாமா? 28 வருஷத்துக்கு மேல் அனுபவித்த உரிமை என்று கேஸ் போட்டால் ஜெயிக்குமா?

பதில்: ஆஸ்பத்திரி விஷயம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் எந்தக் கோர்ட்டும் அதைக் கேட்காது, ஃபோன் எடுக்காததையும் கேட்காது. உங்கள் கடிதத்தில் வழக்கை முடிவு செய்யப்போகும் சொல் ஒன்றுதான். அப்பா அவரிடம் "கேட்டு" கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ஈஸ்மென்ட் என்றால் அடுத்தவர் நிலத்தை வழி, வடிகால் போன்ற ஒரு தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை. 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் 15வது பிரிவில், 20 வருஷ அனுபவத்தால் வரும் உரிமைக்கு அந்த அனுபவம் உரிமையாகவே நடந்திருக்க வேண்டும். அனுமதி கேட்டு அனுபவித்தது 28 வருஷமானாலும் 50 வருஷமானாலும் உரிமையாக மாறாது, அது அனுமதியாகவே இருக்கும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பிராதில் "கேட்டு" என்பதை விட்டுவிட்டு வெறும் 20 வருஷக் கணக்கை மட்டும் எழுதுவார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் "உங்கள் அப்பா அனுமதி வாங்கித்தானே கட்டினார்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள், ஏனென்றால் பொய் சொல்ல வராது, வரவும் கூடாது. அந்த ஒரு பதிலில் வழக்கு போய்விடும். இன்னும் சிலர் கோபத்தில் "அந்த ஒன்றரை அடி நிலமே எங்களுடையது" என்று சேர்த்து எழுதுவார்கள். சொந்த நிலத்தில் ஒருவருக்கு ஈஸ்மென்ட் உரிமை இருக்க முடியாது, ஆகவே இரண்டு வாதமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

உங்களுக்கு நிற்கக்கூடிய இடம் அதே சட்டத்தின் 60வது பிரிவு. அனுமதியை நம்பி ஒருவர் தன் செலவில் நிரந்தரமான கட்டுமானம் செய்துவிட்டால், அனுமதி கொடுத்தவர் பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. செங்கல் வைத்துக் கட்டிய 80 அடி வடிகால் நிரந்தரக் கட்டுமானம் என்று நன்றாகவே வாதாடலாம். அப்பா செலவு செய்ததற்கு என்ன இருக்கிறது? அந்தக் கால ரசீது, கணக்கு நோட்டு, கட்டிய கொத்தனார் உயிரோடு இருந்தால் அவர் சாட்சி, எது கிடைத்தாலும் இப்போதே எடுத்து வையுங்கள். எதிரில் இருப்பவர் மகன் என்பதும் உங்களுக்குச் சாதகம். நாளை அவர் மனையை விற்றுவிட்டால் நிலைமை வேறு, ஏனென்றால் 59வது பிரிவின்படி வாங்குபவரை இந்த அனுமதி தானாகக் கட்டுப்படுத்தாது. உங்கள் தண்ணீர் இன்று எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்லாபை உடைக்காதீர்கள். 20 வருஷ உரிமை கேள்விக்கிடமில்லாமல் இருப்பவருக்கே, தடையைத் தன் கையால் நீக்க 36வது பிரிவு அனுமதிப்பதில்லை. அனுமதியில் மட்டும் நிற்கும் நீங்கள் உடைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 324வது பிரிவில் சேதம் விளைவித்ததாகப் புகார் போகும், அதற்கப்புறம் சமரசப் பேச்சில் அவர் கை ஓங்கிவிடும்.

அதோடு ஸ்லாப் போட்டதே தவறு என்று நினைக்காதீர்கள். அது அவருடைய நிலம், அதன் மேல் நடக்கவும் வண்டி விடவும் மூடிக்கொள்ளலாம். தண்ணீர் போவது குறைந்ததா, அடியில் சேர்ந்த வண்டலை எடுக்க முடியாமல் போனதா என்பதுதான் கேள்வி. சிமென்டால் பூசியதுதான் உங்கள் புகார், மூடியது அல்ல. பூசும்போது கலவை உள்ளே விழுந்து வடிகாலின் அடிமட்டத்தில் ஒரு மேடு உண்டாகியிருந்தால் அதுவும் புகார். பிராதில் இந்த வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். புதுத் தெரு வடிகாலையும் ரோடு உயர்ந்ததையும் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்கேதான் உங்கள் தண்ணீர் நிற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அளந்து பார்க்காமல் வழக்குப் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து, "வடிகாலைப் பழையபடி திறந்துவிடு" என்று டிக்ரியும் வாங்கி, அடுத்த ஐப்பசியில் அதே முற்றத்தில் அதே தண்ணீரில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிராளி டிக்ரியை முழுக்க நிறைவேற்றிவிட்டதால் நிறைவேற்று மனுவும் போட முடியாது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ரோட்டு மட்டத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள். உங்கள் முற்றம் அதற்கு 8 அங்குலம் கீழே. முற்றத்தில் வடிகால் 12 அங்குல ஆழத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் அடிமட்டம் ரோட்டிலிருந்து 20 அங்குலம் கீழே. கொத்தனார்கள் வழக்கமாகக் கொடுக்கும் வாட்டம் 200 அடிக்கு 1 அடி என்றால், 80 அடியில் சுமார் 5 அங்குலம் இறங்கும். ஆக தெரு வடிகாலில் சேரும் இடத்தில் அடிமட்டம் 25 அங்குலம் கீழே. தெரு வடிகால் 3 அடி ஆழம் என்றால் அதன் தரை 36 அங்குலம் கீழே. உங்கள் தண்ணீர் அதன் தரையிலிருந்து வெறும் 11 அங்குல உயரத்தில் போய் விழுகிறது.

சாதாரண மழையில் இது போதும். பெருமழையில் தெரு வடிகாலில் 11 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் உங்கள் வடிகாலின் வாய் மூழ்க ஆரம்பிக்கும். 28 அங்குலம் ஏறினால் அது உங்கள் முற்றத்து மட்டத்துக்கு வந்துவிடும், அதாவது ரோட்டில் தண்ணீர் வழிவதற்கு முன்பே தெருத் தண்ணீர் பின்னோக்கி வந்து உங்கள் முற்றத்தில் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்லாப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். புதுச் சுவரில் உங்கள் வடிகாலுக்கு ஓட்டை விட்டார்களா, விட்டிருந்தால் பழைய மட்டத்திலா, அதற்கு மேலேயா என்பதையும் பாருங்கள். மேலே விட்டிருந்தால் உங்கள் வடிகாலில் எப்போதும் அவ்வளவு தண்ணீர் தேங்கித்தான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை வக்கீல் நோட்டீஸ் அல்ல. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் வைத்து, உங்கள் சுவரில் அழியாத ஒரு குறி போட்டு, அந்தக் குறியிலிருந்து முற்றம், வடிகாலின் தொடக்கம், தெரு ஓட்டை, தெரு வடிகாலின் தரை, ரோடு என ஐந்து மட்டங்களையும் எழுதி வாங்குங்கள், ஃபோட்டோவும் எடுங்கள். மழையில்லாத நாளில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் நின்று தெரு முனை காய்ந்திருந்தால் நடுவில் அடைப்பு, அதற்கு அவர் பொறுப்பு. முழு நீளமும் ஒரே மட்டத்தில் நின்றால் குறை தெருப் பக்கம், உங்கள் மனு போக வேண்டிய இடம் உள்ளாட்சி.

இந்தக் கணக்கு சட்டத்திலும் ஒரு வேலை செய்கிறது. ஈஸ்மென்ட் சட்டத்தின் 24வது பிரிவில் உங்களுக்காகவே எழுதியதுபோல ஓர் உதாரணம் உண்டு. அடுத்தவர் நிலம் வழியே வடிகால் உரிமை உள்ளவர், அது சேரும் பொதுச் சாக்கடை மாற்றப்பட்டால், அந்த நிலத்துக்குள் போய்ப் புதுச் சாக்கடைக்கு ஏற்பத் தன் வடிகாலை மாற்றிக்கொள்ளலாம், நிலத்துக்குக் கூடுதல் சுமை வரக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் இது ஈஸ்மென்ட் உள்ளவருக்கு. உங்களிடம் இருப்பது அனுமதி. வழக்கில் ஜெயித்தாலும் 1996ல் கட்டிய வடிகால்தான் கிடைக்கும், இன்றைய ரோட்டுக்கு ஏற்றபடி அதை மாற்றும் அதிகாரம் கூடவே வராது.

அதனால்தான் நேரடியாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். ஃபோன் எடுக்கவில்லை என்றால் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர் மூலம் போங்கள். வாய்ப்பேச்சில் முடிக்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஈஸ்மென்ட் பத்திரமாகக் கேளுங்கள். அப்போதுதான் அது வில்லங்கச் சான்றில் வரும், அவர் விற்றாலும் வாங்குபவரிடம் நிற்கும், 24வது பிரிவும் உங்களுக்குக் கிடைக்கும். பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்தான். வடிகாலைத் திருத்தும் செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள், அவர் கேட்டால் ஒரு தொகையும் கொடுங்கள். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் நஷ்டம் இல்லை.

பத்திரத்தில் இரண்டு முனைகளின் அடிமட்டமும் அந்தச் சுவர்க்குறியிலிருந்து இத்தனை அங்குலம் என்று இருக்கட்டும், வெறும் "போதிய வாட்டம்" என்ற சொல் நாளைக்குச் சண்டையைத்தான் கொண்டுவரும். ஸ்லாப் பூசப்படாமல் தூக்கும் வகையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 2 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிமன் ஸ்லாப் 45 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். அவர் மேலே கார் விடுவார் என்றால் தடிமன் இரட்டிப்பாகும், 90 கிலோவைத் தூக்கி யாரும் சுத்தம் செய்யப் போவதில்லை, அப்போது 10 அடிக்கு ஒரு கனமான இரும்புக் கம்பி மூடி கேளுங்கள்.

அதற்கு முன் உங்கள் வீட்டையும் பாருங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரோ பாத்ரூம் தண்ணீரோ ஒரு குழாய் அளவுக்காவது அந்த வடிகாலில் போனால் பேச்சைத் தொடங்கும் முன்பே பிரித்துவிடுங்கள். அப்பா கேட்டது மழைத் தண்ணீருக்கு. கழிவு கலந்தால் அவருக்கு உங்களைவிட நல்ல வழக்கு கிடைத்துவிடும்.

அவர் எதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்குத்தான். ஐப்பசி மழைக்கு முன் தாக்கல் செய்து, இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் அனுப்பும் அட்வகேட் கமிஷனரைக் கேட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 9ல் மனுப் போடுங்கள், பொறியாளரும் உடன் வந்து மட்டங்களை அளக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். கமிஷனர் காய்ந்த மனையைப் பார்த்துவிட்டுப் போனால் அறிக்கையில் ஸ்லாபும் பேவர் பிளாக்கும்தான் இருக்கும். தண்ணீர் நிற்கும் நாளில் அவர் வர வேண்டும். இதற்கிடையே தண்ணீரை வெளியேற்ற முற்றத்தில் ஒரு சிறிய சம்ப் வெட்டி மோட்டார் வைத்து, உங்கள் வாசல் தெருவில் மழைநீர் வடிகால் இருந்தால் அதில் விடுங்கள். மோட்டாருக்கு மேடு ஒரு தடையில்லை, வழக்கு எந்தப் பக்கம் போனாலும் அந்த சம்ப் உங்களுக்குத் தேவைப்படும்.