மாதம் 30,000 ரூபாய்: வீடியோவுக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, இன்ஃப்ளூயன்சருக்கு எவ்வளவு?

குன்னூரில் இருந்துகொண்டு நாலைந்து ஹோம்ஸ்டே, இரண்டு கடைகளுக்கு விளம்பரச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் வரை இருப்பேன், கேளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, எங்களுக்கு நாலு ரூம். மாதம் 30,000 ஒதுக்கினோம். ஏப்ரலில் ஒரு இன்ஃப்ளூயன்சருக்கு 18,000, போட்டோ ஷூட்டுக்கு 8,000, மிச்சம் 4,000 ஆட்ஸ். ரீல் லட்சம் பேர் பார்த்தார்கள், புக்கிங் இரண்டு. எங்கே தப்பு?

அந்த 18,000-க்கு நீங்கள் வாங்கியது அவருடைய பக்கத்தில் ஒரு பதிவு மட்டும்தான், அது நாலு நாளில் கீழே போய்விடும். வீடியோ ஃபைலை வாங்கினீர்களா? அதை விளம்பரமாக ஓட்ட அனுமதி எழுதி வாங்கினீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள், முதல் தடவை யாரும் வாங்குவதில்லை.

அடுத்த மாதத்துக்கு இப்படிப் பிரித்துப் பாருங்கள். 12,000 வீடியோவுக்கு. ஒரே நாள் ஷூட், பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள். 6,000 ஒரு சின்ன கிரியேட்டருக்கு, கோயம்புத்தூர்க்காரராக இருந்தால் நல்லது, அங்கிருந்துதான் வார நாளில் ஆள் வருவார்கள். பதிவு, ஃபைல், 60 நாள் விளம்பர அனுமதி, மூன்றும் அதற்குள்ளேயே என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஓகே வாங்குங்கள். மிச்சத்தில் 11,800 ஆட்ஸ். ஏன் இந்த எண் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி போக உண்மையில் ஓடுவது 10,000. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு அந்த 1,800 திரும்பி வராது, அதனால் பட்ஜெட் போடும்போதே கழித்துவிடுங்கள்.

அதே கோத்தகிரி: சரி அண்ணா, ஆனால் இது லாபமா என்று எப்படித் தெரியும்?

ஒரு புக்கிங்குக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். இரண்டு இரவு, இரவுக்கு 3,500 என்றால் 7,000. புக்கிங் தளம் வழியாக வந்தால் 15-லிருந்து 20 சதவீதம் கமிஷன் போகும், அதாவது 1,050-லிருந்து 1,400. அதுதான் அளவுகோல்.

இப்போது ஓட்டிப் பார்ப்போம். விளம்பரத்தை அழுத்தி வரும் வாட்ஸ்அப் பேச்சு ஒன்றுக்கு 50 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள், 10,000-க்கு 200 பேர் கேட்பார்கள். இருபதில் ஒருவர் முன்பணம் போட்டால் பத்து புக்கிங். ஆட்ஸ் மட்டும் ஒன்றுக்கு 1,180. வீடியோ செலவை நாலு மாதத்துக்கும் கிரியேட்டர் செலவை இரண்டு மாதத்துக்கும் பிரித்துச் சேர்த்தால் மாதம் 17,800, ஒரு புக்கிங்குக்கு 1,780. கமிஷனைவிட அதிகம்தான், மறைக்கவில்லை. இதைக் குறைக்க ஆட்ஸ் பணத்தைக் கூட்டினால் நடக்காது. வீடியோவிலேயே வாடகையைச் சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் குறைவார்கள், ஒரு பேச்சின் விலை ஏறும், ஆனால் கேட்பவர்களில் புக் பண்ணுபவர் அதிகமாவார்கள். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் காலை பதில் போட்டால் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த 50 ரூபாய் போச்சு.

இன்னொன்று, மே மாத சனி ஞாயிறு தானாகவே நிரம்பிவிடும். அதற்கு ஆட்ஸ் ஓட்டாதீர்கள், வார நாளுக்கு ஓட்டுங்கள். காலி ரூம் இல்லாத நாளைக்கு ஆள் கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்டே நேரம் போகும்.

ஊட்டியிலிருந்து: நான் படித்தவரை 70 சதவீதம் ஆட்ஸுக்கு, 20 கன்டென்டுக்கு, 10 இன்ஃப்ளூயன்சருக்கு. ஆட்ஸில் போட்டால்தான் சார் ரிசல்ட். நான் மூணு ஆடியன்ஸ், மூணு ஆட் செட், ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 120 ரூபாய் வைத்திருக்கிறேன்.

பாதி சரி. நல்ல வீடியோ கையில் இருக்கும்போது 70 இல்லை, 90 கூடப் போடலாம். வீடியோ பழசாகிவிட்டால் 70 என்பது வீண். எப்படித் தெரியும் என்றால், Ads Manager-இல் Frequency என்று ஒரு எண் இருக்கும், ஒரே ஆள் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்பது. அது மூன்று நாலைத் தாண்டி, கூடவே பேச்சின் விலையும் வாரத்துக்கு வாரம் ஏறினால், அந்த மாதம் ஆட்ஸில் கொஞ்சம் எடுத்து ஷூட்டுக்குப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். விலை மட்டும் ஏறினால் வேறு காரணமாக இருக்கலாம், சீசன் நேரத்தில் எல்லா ஹோட்டலும் அதே ஆளைத் துரத்துவார்கள்.

மூன்றாகப் பிரித்ததுதான் தவறு. ஒரு ஆட் செட்டுக்கு வாரத்தில் சுமார் 50 பலன் கிடைத்தால்தான் மெட்டா கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டும். 120 ரூபாயில் நாளைக்கு இரண்டு பேச்சு வந்தாலே பெரிது. மூன்றையும் ஒன்றாக்குங்கள். அப்போதும் 50 வராது, ஆனால் பக்கத்திலாவது போகும்.

கொடைக்கானலிலிருந்து: மலைப்பூண்டு விற்கிறேன். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்க 6,000 கேட்கிறார்கள். வைக்கலாமா?

இது வேறு கேள்வி, பரவாயில்லை. கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் யோசிக்கலாம். கூரியரில் அனுப்புகிறீர்கள் என்றால் வேண்டாம். உங்களுக்கு நான் இன்ஃப்ளூயன்சரையும் இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் ஆன்லைனில் வாங்குபவருக்கு அது அசல்தானா என்ற சந்தேகம்தான் முதலில் வரும். தோட்டத்தில் பிடுங்கி, கையில் பல்லை உரித்துக் காட்டுகிற ஒரு வீடியோ, மண்ணோடு. அதைச் செல்போனிலேயே எடுக்கலாம், ஷூட்டுக்குச் செலவே இல்லை.

ஊட்டியிலிருந்து (ஹோம்மேட் சாக்லேட்): எனக்கும் மேலே சொன்ன பிரிவே பொருந்துமா அக்கா?

அக்கா இல்லை, அண்ணன். பொருந்தாது. வெயில் காலத்தில் சென்னைக்கு அனுப்பினால் வழியிலேயே உருகி, வாங்கினவர் போட்டோ எடுத்துப் போடுவார், அதையும் விளம்பரச் செலவில்தான் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மேயில் கூரியர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு ஊட்டியைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டுங்கள், ஏற்கெனவே மேலே வந்தவர்கள் திரும்பிப் போகும் முன் கடைக்கு வரட்டும்.

கோத்தகிரி (மறுபடியும்): அந்தப் பத்து வீடியோவில் என்ன எடுப்பது? பனிமூட்டம்தானே?

பனிமூட்டம் எல்லோரிடமும் இருக்கிறது. ரூமில் சுடுதண்ணீர் எந்நேரம் வரும், கார் எங்கே நிற்கும், கடைசித் திருப்பம் எப்படி இருக்கும், இ-பாஸ் எப்படி எடுப்பது. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து என் ஆட்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான். நான் ஒரு ஹோம்ஸ்டேக்கு சமையல்கார அம்மா அவரைப் பருப்பைத் தாளிக்கிற பதினெட்டு வினாடியை ஓட்டினேன், எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும், பாட்டு இல்லை. அதே மாதம் எடுத்த ட்ரோன் ஷாட்டைவிட அதில் வந்த பேச்சின் விலை பாதி.

கொடைக்கானலிலிருந்து (கஃபே): காசே கொடுக்காமல், இலவசத் தங்கல் கொடுத்தால் இன்ஃப்ளூயன்சர் செலவு பூஜ்யம்தானே?

வார நாளில் காலியாகக் கிடக்கும் ரூமென்றால் செலவு சாப்பாடும் சலவையும்தான், கணக்கில் அதைப் போடுங்கள். சனிக்கிழமை ரூமைக் கொடுத்தால் முழு வாடகையும் செலவு. இலவசமாகத் தங்கினாலும் விளம்பரம் என்று அவர் பதிவில் தெளிவாகப் போட வேண்டும், விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ விதியும் நுகர்வோர் துறை 2023-இல் சொன்னதும் அதுதான்.

கோத்தகிரி: கடைசிக் கேள்வி. அதே கிரியேட்டரை ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிடலாமா, புது ஆளா?

இதில் எனக்கே முடிவு வரவில்லை. ஒரு வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டதில் பேச்சு குறைந்தது, இன்னொன்றில் கூடியது. முதல் தடவை வந்த பேச்சில் எத்தனை புக்கிங் ஆனது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.