25னு நானே வச்ச தேதி, 30னு மனசுக்குத் தெரிஞ்ச தேதி

கேள்வி: ஆபீஸ்ல மாசாமாசம் 30ஆம் தேதி ஒரு ரிப்போர்ட் குடுக்கணும். கடைசி நேர டென்ஷன் வேணாம்னு நானே காலண்டர்ல 25னு போட்டு வச்சுக்குறேன். 25 வந்தா "இன்னும் அஞ்சு நாள் இருக்கே"ன்னு விட்டுடுறேன், திரும்ப 29 ராத்திரி உட்கார்ந்துதான் முடிக்கிறேன். சீக்கிரமே ஆரம்பிச்ச மாசத்துலயும் 29 வரைக்கும் இழுக்குது. என்னதான் பண்றது?

பதில்: உங்க லெட்டர்ல ரெண்டு பிரச்னை ஒண்ணா கலந்து கிடக்கு. முதல்ல தேதி விஷயம். கடிகாரத்தை பத்து நிமிஷம் ஃபாஸ்டா வச்சுட்டு, மணி பாக்குறப்பல்லாம் பத்தைக் கழிச்சுப் பாக்குறவங்க இருக்காங்கல்ல, உங்க 25ம் அதே கதைதான். அந்த நாள் தாண்டிப் போனா கேக்க ஆள் இல்ல. 2002ல டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல சிலருக்கு மூணு கட்டுரையைக் குடுத்து பிழை திருத்தச் சொன்னாங்க. ஒரு குரூப்புக்கு வாரம் ஒண்ணுன்னு கெடு வெளியில இருந்தே வந்துச்சு, இன்னொரு குரூப் கெடுவை தாங்களே வச்சுக்கிட்டாங்க, மூணாவது குரூப்புக்கு எல்லாத்துக்கும் சேர்த்து கடைசில ஒரே தேதி. வெளியில இருந்து கெடு வந்தவங்கதான் நிறைய பிழை பிடிச்சாங்க, தானே வச்சுக்கிட்டவங்க நடுவுல, கடைசி தேதி மட்டும் இருந்தவங்க ரொம்ப பின்னாடி. அதாவது சொந்தக் கெடு வேஸ்ட் இல்ல, ஆனா அடுத்தவங்க பாக்குற கெடு அளவுக்கு அதுக்கு பலம் கிடையாது.

அதனால 25ஐ இன்னொருத்தர் கையில குடுங்க. கூட வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட "25ந்தேதி காலைல 11 மணிக்கு டிராஃப்ட் அனுப்புறேன், அரை மணி நேரம் ஒதுக்கி வைங்க, படிச்சுச் சொல்லணும்"னு இப்பவே சொல்லிடுங்க, அவங்க காலண்டர்லயும் அது ஏறணும். மேனேஜர்கிட்ட மட்டும் போய் சொல்லாதீங்க, அப்புறம் 25தான் நிஜ டெட்லைன் ஆகும், நீங்க 20னு புதுசா ஒண்ணு போட ஆரம்பிப்பீங்க!

அடுத்தது, சீக்கிரம் ஆரம்பிச்சும் ஏன் இழுக்குதுங்கறது, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. குடுத்த நேரம் பூரா நிரம்புற வரைக்கும் வேலை பெருகிக்கிட்டே போகும்னு 1955ல பார்க்கின்சன்னு ஒரு பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எக்கனாமிஸ்ட் பத்திரிகைல எழுதினார். வேற வேலை இல்லாத ஒரு வயசான அம்மா ஒரே ஒரு போஸ்ட்கார்டு எழுத ஒரு நாள் முழுக்க எடுத்துக்குவாங்க, கார்டு தேட ஒரு மணி நேரம், கண்ணாடி தேட ஒரு மணி நேரம், தபால் பெட்டிக்குப் போக குடை வேணுமா வேணாமான்னு யோசிக்க இருபது நிமிஷம், பிஸியா இருக்குற ஆளுக்கு அது மொத்தமே மூணு நிமிஷ வேலைன்னார். உங்க ரிப்போர்ட்டும் அப்படித்தான், ஏன்னா அது எப்ப முடிஞ்சதுன்னு சொல்ல எந்த அடையாளமும் இல்ல, அதனால நேரம் தீர்றதே முடிவு ஆயிடுது.

நம்பலைன்னா, போன தடவை சீக்கிரம் ஆரம்பிச்ச மாசத்தோட ஃபைலை எடுத்து 25ஆம் தேதி எப்படி இருந்துச்சு, 29 எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு நம்பர் மாறியிருந்தா, ஒரு தப்பான காரணம் சரியாகியிருந்தா அது வேலை. டேபிள் கலர் மாறியிருக்கு, அதே வாக்கியம் வேற மாதிரி இருக்கு, யாரும் கேக்காத ஒரு சார்ட் புதுசா உட்கார்ந்திருக்குன்னா அது வெறும் நேரம் நிரப்பல்.

இதுக்கு, எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு என்னன்னு ஃபைல் தலைல எழுதி வைக்கணும். உதாரணமா, அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுலயும் இந்த மாச நம்பர், போன மாச நம்பர், வித்தியாசம் ஏன்னு ரெண்டு வரி, கடைசில அரைப் பக்கம் சுருக்கம். இவ்வளவும் வந்துட்டா 25 டிராஃப்ட் ரெடி, பாஷை கரடுமுரடா இருந்தாலும் பரவால்ல. மிச்ச அஞ்சு நாளுக்கும் பேர் வைங்க: 26 படிச்சவர் சொன்ன திருத்தம், 27 லேட்டா வர்ற நம்பர், 28ல இருந்து தகவல் தப்பை மட்டும்தான் தொடலாம். பேர் இல்லாம சும்மா கிடக்குற நாளைத்தான் வேலை முழுங்கும்.

ஒண்ணு மட்டும், அடுத்த டிபார்ட்மென்ட் நம்பரே 26தான் வருதுன்னா முழு ரிப்போர்ட்டுக்கு 25னு வைக்கிறது பொய், அந்தக் கட்டத்தை காலியா விட்டுட்டு மத்ததுக்கு மட்டும் அந்தத் தேதியை வைங்க. நிஜமா எத்தனை மணி நேரம் ஆகுதுன்னும் ஒரு மாசம் குறிச்சுப் பாருங்க, பன்னெண்டு மணி நேரம் ஆகுதுன்னா தினம் ரெண்டு மணி வீதம் ஆறு வேலை நாள், அதை 25ல இருந்து பின்னோக்கி எண்ணுனா ஆரம்பிக்க வேண்டிய நாள் தானா வந்துடும்.