முகம் வைத்தால் கிளிக் கூடுமா? உங்கள் சேனலிலேயே பார்த்துவிடலாம்

"காசிமேட்டு மீன், அத்தோ, மீன் குழம்பு என்று வட சென்னைச் சாப்பாட்டைப் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். 64 வீடியோ ஆகிவிட்டது. தம்ப்நெயிலில் முகம் வை, எழுத்தைப் பெரிதாக்கு, கலரை ஏற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் சேனலில் எது எடுபடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?" – வாசகர், தண்டையார்பேட்டை

முதலில் ஒரு ஷீட் போடுங்கள். வீடியோவுக்கு ஒரு வரி. முகம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கூட்டத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் முகங்களை எண்ண வேண்டாம். தம்ப்நெயிலை போனில் பார்க்கும் அளவுக்குச் சுருக்கினாலும் கண்ணும் வாயும் புரிந்தால்தான் 1.

எழுத்தின் அளவை ஃபாண்ட் சைஸை வைத்துப் போடாதீர்கள். தமிழில் மேலே புள்ளி, கீழே சுழி எல்லாம் சேர்ந்துதான் அந்த சைஸ். எழுத்தின் உடல் அதைவிடச் சின்னது. 1280x720 படத்தில் 'ப' எத்தனை பிக்சல் உயரம் என்று அளந்து அதை எழுதுங்கள். 70 பிக்சல் இருந்தால், படம் 160 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது 9 பிக்சல்கூட மிஞ்சாது. அதற்குக் கீழே போனால் நெத்திலியும் வஞ்சிரமும் ஒன்றாகத்தான் தெரியும். வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் வந்து உட்காரும். அங்கே எழுதியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கான்ட்ராஸ்ட்டுக்கு, எழுத்தின் நிறத்தையும் அதற்கு நேர் பின்னால் உள்ள நிறத்தையும் எடுத்து, இணையத்தில் கிடைக்கும் ஏதாவது கான்ட்ராஸ்ட் செக்கரில் போடுங்கள். 3:1-க்குக் கீழே வந்தால் குறைவு. மீன் படங்களில் இது அடிக்கடி மாட்டும்: வெள்ளி நிற வஞ்சிரம், வெள்ளை ஐஸ், அதன்மேல் வெள்ளை எழுத்து. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் மீன் எங்கே முடிகிறது, ஐஸ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அளப்பது இவ்வளவுதான். கோட்டை விடுவது அடுத்த இடத்தில். மொத்த கிளிக் விகிதத்தை எடுத்துக்கொண்டு "முகம் உள்ளது 6%, இல்லாதது 5%, ஆகவே முகம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முகம் உள்ள வீடியோக்கள் பெரும்பாலும் அத்தோ செய்முறை, ஆட்கள் தேடி வந்து பார்ப்பவை. அவற்றுக்கு மொத்தம் 10,000 இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில் 10,000 முறை கண்ணில் பட்டது: தேடலில் 6,000, அதில் 480 கிளிக், அதாவது 8%. முகப்புப் பக்கத்தில் 4,000, அதில் 120 கிளிக், 3%. மொத்தம் 600 கிளிக், 6%. முகம் இல்லாத மீன் ஏல வீடியோக்களுக்கும் அதே 10,000: தேடலில் 2,000-க்கு 180, 9%. முகப்பில் 8,000-க்கு 320, 4%. மொத்தம் 500, 5%. தேடலிலும் முகப்பிலும் தனித்தனியாகப் பார்த்தால் முகம் இல்லாததுதான் முன்னால் இருக்கிறது. மொத்தத்தில் முகம் ஜெயித்ததுபோல் தெரிந்ததற்குக் காரணம், அந்த வீடியோக்களுக்குத் தேடலில் இருந்து ஆள் அதிகம் வந்ததுதான்.

அதனால் யூடியூப் ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில் Traffic source-ஐப் பிரித்து, முகப்புப் பக்கம் அடங்கிய Browse features-இல் வந்த கிளிக் விகித எண்ணை மட்டும் ஷீட்டில் ஏற்றுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் வெளியான நாளிலிருந்து முதல் 28 நாள் என்று ஒரே கால அளவு வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. நடுவில் தம்ப்நெயிலை மாற்றிய வீடியோக்களை விட்டுவிடுங்கள். இப்போது தெரியும் படம் அந்த எண்ணுக்குச் சொந்தமில்லை. 1,000 இம்ப்ரெஷன் தொடாதவையும் வேண்டாம். 200 இம்ப்ரெஷனில் 10 கிளிக் என்றால் 5% போலத் தெரியும், உண்மை 2 முதல் 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

C-இல் முகம், F-இல் கிளிக் விகிதம் என்று வைத்தால் கூகிள் ஷீட்டில் இப்படிப் போடலாம்:

```
=MEDIAN(FILTER(F2:F65, C2:C65=1))
=MEDIAN(FILTER(F2:F65, C2:C65=0))
```

சராசரி வேண்டாம். வைரலான ஒரே வீடியோ எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடும்.

அப்புறம், மீன் ஏலத்தை மீன் ஏலத்தோடும் செய்முறையைச் செய்முறையோடும் மட்டும் ஒப்பிடுங்கள். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பத்து வீடியோதான் மிஞ்சும். ஆகவே முகம், எழுத்து, கான்ட்ராஸ்ட் மூன்றையும் சேர்த்துக் கூட்டணிக் கணக்கெல்லாம் போட முடியாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்து சின்னதாக உள்ள படங்கள்தான் கான்ட்ராஸ்ட்டும் குறைந்தவை என்றால், எது காரணம் என்று இந்த ஷீட் சொல்லாது.

அதற்குத்தான் ஸ்டூடியோவில் முன்பு Test & compare என்று இருந்த A/B Testing வசதி இருக்கிறது. ஒரே படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி இரண்டு வடிவம் ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் அதையும் இதையும் மாற்றினால் பழைய குழப்பம்தான். ஒன்று கவனம்: அது ஜெயித்ததைச் சொல்வது கிளிக்கை வைத்தல்ல, பார்வை நேரத்தை வைத்து. எழுத்தைப் பெரிதாக்கிய படம் தோற்றால், பெரிய எழுத்தில் சொன்னது வீடியோவில் சீக்கிரம் வருகிறதா என்று முதல் அரை நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.