ஆர்.டி., பி.பி.எஃப்., லிக்விட் ஃபண்ட்: மாதம் கொஞ்சம் எடுத்து வைப்பவர்கள் கேட்டவை

கடலூரில் பத்தொன்பது வருஷம் தபால் நிலைய ஆர்.டி., அதாவது மாதத் தவணைச் சேமிப்பு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வசூல் செய்தவள் நான். வட்டி எவ்வளவு என்பதைவிட, பாதியில் உடைத்து அழுதவர்கள்தான் அதிகம் நினைவில் இருக்கிறார்கள். அதனால் என் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அக்கா, மாசம் 6,000 ஒதுக்க முடியும். பையன் எட்டாவது படிக்கிறான். காலேஜ் சேர்க்கும்போது பணம் கையில் இருக்கணும். மூணுல எதுல போடலாம்? (திருப்பாதிரிப்புலியூர், பள்ளி ஆசிரியை)

தபால் நிலைய ஆர்.டி.தான் முதலில் தோன்றும். ஐந்து வருஷம், 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம். 6,000 வீதம் அறுபது மாதம் கட்டினால் 3,60,000 போட்டு 4,28,000 சொச்சம் எடுக்கலாம். ஆனால் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள் டீச்சர். இந்த நவம்பரில் ஆரம்பித்தால் முதிர்வது ஐந்தாவது வருஷ நவம்பரில். பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியது அதே வருஷம் ஜூன், ஜூலையில். ஐந்து மாதம்தானே, முன்னாடியே முடித்துக்கொள்ளலாம் என்று போவீர்கள். அங்கேதான் அடி விழும். மூன்று வருஷம் ஆகாமல் முடிக்கவே விட மாட்டார்கள். அதற்கு அப்புறமும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் முடித்தால்கூட சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான், அதுவும் முதல் நாளிலிருந்தே. ஐம்பத்தைந்து தவணை கட்டிய நிலையில் 6.7-க்குக் கணக்குப் போட்டால் வட்டி ஏறத்தாழ 56,800. 4-க்குப் போட்டால் முப்பதாயிரத்துச் சொச்சம். ஐந்து மாத அவசரத்துக்கு இருபத்தைந்தாயிரம் போகிறது.

உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம். பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதிவரை தருவார்கள், வட்டி ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூட. 1,65,000 வாங்கி ஐந்து மாதத்தில் ஆர்.டி. முதிரும்போது அடைத்தால் வட்டி 6,000 பக்கம் வரும். எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, 6,000-க்கு ஒரே அட்டை போடாதீர்கள். 2,000 வீதம் மூன்று கணக்காகத் திறங்கள். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்கலாம், உடைக்க நேர்ந்தால் ஒன்றுதான் உடையும். சில வங்கிகளின் ஆர்.டி.யில் மாதக் கணக்கை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஐம்பத்தைந்து மாதம் என்று போட்டால் மே, ஜூனில் கைக்கு வந்துவிடும். வட்டி மட்டும் வங்கிக்கு வங்கி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேடம், இவ்வளவு சுத்தி வளைப்பானேன்? லிக்விட் ஃபண்டில் 7% வருது, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், ரிஸ்க்கே கிடையாது. ஆர்.டி. போடறவங்க எல்லாம் பழைய ஆளுங்க. (லாஸ்பேட்டை, ஐ.டி. வேலை)

தம்பி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது சரி. ஏழாவது நாளுக்கு அப்புறம் வெளியேற்றக் கட்டணமும் கிடையாது, மறு வேலை நாளில் பணம் வந்துவிடும். மற்ற இரண்டும் பாதிதான் சரி. அது 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட். அதனால் ரிசர்வ் வங்கி வட்டி இறங்கினால் அதுவும் உடனே இறங்கும். 2021-ல் மூன்று, மூன்றரை சதவீதம்தான் வந்தது. ஆர்.டி.யிலோ திறந்த நாளின் வட்டி கடைசிவரை மாறாது. ரிஸ்க் இல்லை என்பதும் தப்பு. 2017 பிப்ரவரியில் டாரஸ் லிக்விட் ஃபண்ட் ஒரு கம்பெனியின் பத்திரம் தரம் இறக்கப்பட்டதும் ஒரே நாளில் 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அரிதுதான், ஆனால் நடந்தது.

வரியிலும் ஒரு காலத்து லாபம் இப்போது இல்லை. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கியதற்கு லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதத்திலேயே கணக்காகும். ஆர்.டி.க்கு வருஷா வருஷம் வரி, இதற்கு எடுக்கும்போது மட்டும் வரி. மிச்சமிருப்பது அந்த வித்தியாசம்தான். டீச்சருக்கு அவசரத்துக்கென்று ஒரு சின்னத் தொகையை இதில் வைக்கச் சொல்வேன், பையன் படிப்புப் பணம் முழுவதையும் அல்ல.

நாங்க கடல் தொழில். ஏப்ரல்ல தடைக்காலம் வந்தா ரெண்டு மாசம் ஒண்ணும் வராது. ஆர்.டி. போட்டா அறுந்து போயிடுமா? (தேவனாம்பட்டினம்)

அறுந்து போகாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், அதாவது இரண்டு தவணை விழாது. மாதம் 2,000 என்றால் ஒரு தவணைக்குத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 20 ரூபாய் அபராதம், நூற்றுக்கு ஒரு ரூபாய் கணக்கு. நான்கு தவணைக்கு மேல் தவறினால்தான் கணக்கு நின்றுவிடும், நின்றால் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். வலை நன்றாக விழும் மாதத்தில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள், அதை அஞ்சலகம் ஏற்றுக்கொள்ளும். ஆறு தவணை சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடியும் உண்டு. என்னிடம் கட்டிய மீன்காரம்மா ஒருத்தர் வருஷா வருஷம் மார்ச்சிலேயே மூன்று மாதத்துக்கும் சேர்த்து, ஈரக் கையோடு, சுருட்டிய நோட்டாகத் தருவார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

பி.பி.எஃப். என்ற பதினைந்து வருஷ அரசுச் சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 500 போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், 1,50,000 வரை. ஏறி இறங்கும் வருமானத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் படகு மோட்டார் கெட்டால் உடனே எடுக்க முடியாது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.பி.எஃப்.பில் 5-ஆம் தேதிக்குள்ள போடலேன்னா 15 வருஷத்துல 9,000 போயிடும்னு படிச்சேன். எனக்குச் சம்பளமே 7-ஆம் தேதிதான். அப்ப என்ன பண்றது? (நெல்லித்தோப்பு)

அந்தக் கணக்கு தப்பில்லை. மாதம் 5,000, வட்டி 7.1 என்றால் ஒரு மாத வட்டி 29 ரூபாய் 58 காசு, வருஷத்துக்கு 355, பதினைந்து வருஷத்தில் வட்டியோடு 9,000 பக்கம். ஆனால் அது 1-ஆம் தேதியே பணம் கையில் இருந்தும் 5-ஐத் தாண்டிப் போடுபவருக்கு. 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அதனால் நீங்கள் 7-ஆம் தேதி போட்டாலும் அடுத்த மாதம் 4-ஆம் தேதி போட்டாலும் வட்டி ஆரம்பிப்பது அடுத்த மாதத்திலிருந்துதான். நீங்கள் எதையும் இழக்கவில்லை. மார்ச் மாதம் மட்டும் விலக்கு. வரிக் கழிவுக்கும் அந்த வருஷ 1,50,000 வரம்புக்கும் அந்தப் பணம் கணக்காக வேண்டுமென்றால் 31-க்குள் போட்டே ஆக வேண்டும்.

எங்க நகைக்கடைச் சீட்டு நல்லா இருக்கே, அதுல போடலாமா? (பண்ருட்டி)

நகை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் இஷ்டம். இங்கே கேட்டது பணமாகத் திரும்பி வருவதைப் பற்றி.

அக்கா, எனக்கு 26 வயசு, ரெண்டு வருஷத்துல கல்யாணம் இருக்கும். பி.பி.எஃப். தொடங்கலாமா? (முத்தியால்பேட்டை)

இதற்கு நான் ஒரு பக்கம் சொன்னால் என் தங்கை வேறு பக்கம் சொல்வாள். ஏழாவது நிதியாண்டில்தான் பாதிவரை எடுக்க முடியும். கடன் மூன்றாவது ஆண்டிலிருந்து உண்டு, அது சின்னத் தொகை. கல்யாணச் செலவுக்கு இது உதவாது, அதற்கு வங்கி ஆர்.டி. பாருங்கள். தொடங்குவதானால் 500 போட்டு மார்ச்சிலேயே தொடங்குங்கள். பதினைந்து வருஷம் எண்ணுவது கணக்குத் திறந்த நிதியாண்டு முடிவிலிருந்து. 2026 மார்ச்சில் திறந்தால் 2041 ஏப்ரலில் முதிரும், ஏப்ரலில் திறந்தால் 2042. நாலு நாள் தாமதத்துக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகும். சம்பளம் எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று எழுதுங்கள், மாதம் எவ்வளவு பூட்டலாம் என்று அப்புறம் சொல்கிறேன்.