கோபம் இல்லாமல் முறைக்க முடியாது

கேள்வி: என் சிறுகதையில் ஒரு பத்தி இது: ‘செல்வி மீன் கூடையோடு உள்ளே வந்தாள். மாமியார் அவளைப் பார்த்தார். அப்புறம் கூடையைப் பார்த்தார். செல்வி மாமியாரைப் பார்த்தாள். கொழுந்தன் கதவோரம் நின்று பார்த்தான்.’ இத்தனை ‘பார்த்தார்’ எனக்கே சலிக்கிறது. வேறு என்ன போடலாம்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் ஒன்றை அடித்துவிடுங்கள். ‘அப்புறம் கூடையைப் பார்த்தார்’ வேண்டாம். ‘கூடையில் நாலே நாலு சங்கரா’ என்று எழுதுங்கள். அதை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது வாசகருக்குத் தெரியும். கூடையின் மேல் அவருக்கு உள்ளூர ஒரு கணக்கு உண்டு என்றால் மட்டும் ‘நோட்டம் விட்டார்’ எனலாம். உங்கள் துறைமுகத்து ஏலத்தில் வியாபாரிகள், ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்று மீன்மேல் கண்ணை ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சும்மா நிற்பார்களே, அதுதான்.

மாமியாருக்கு ‘முறைத்தார்’ போடக் கை துறுதுறுக்கும். போட்டால் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. அடுத்த வரியில் செல்வி பதில் பேசியாக வேண்டும். சண்டை பின்னால்தான் வரும் என்றால் ‘ஏற இறங்கப் பார்த்தார்’ சரி. அதில் இருப்பது கோபமல்ல, எடைபோடுதல். கை ஓங்கியிருப்பவர்தான் அப்படிப் பார்ப்பார். செல்வி மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள் என்று எழுதிப்பாருங்கள், கதையே வேறாகிவிடும். கோபத்துக்கு ‘வெறித்தார்’ என்று பலரும் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. வெறித்துப் பார்ப்பவருக்கு எதிரில் இருப்பது கண்ணிலேயே படுவதில்லை. அது சாவு வீட்டுத் திண்ணைக்குப் பொருந்தும்.

செல்விக்கு ‘ஏறிட்டாள்’. ஆனால் ஏறிடுவதற்கு முன் தலை தாழ்ந்திருக்க வேண்டும். கூடையை இறக்கி வைக்கக் குனிய விடுங்கள், காரியம் முடிந்தது.

கொழுந்தனுக்கு ‘எட்டிப் பார்த்தான்’ என்றால் வெறும் ஆர்வம். ‘ஓரக்கண்ணால்’ என்றால் யாரிடமிருந்தோ ஒளிக்கிறான். இங்கே ஒளிக்க என்ன இருக்கிறது? ‘வேடிக்கை பார்த்தான்’ என்றால், தடுக்கக்கூடியவன் தடுக்காமல் நிற்கிறான். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இப்போது பத்தி: ‘செல்வி மீன் கூடையோடு உள்ளே வந்தாள். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கூடையில் நாலே நாலு சங்கரா. செல்வி அதை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏறிட்டாள். கொழுந்தன் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தான்.’

ஒரு பத்திக்கு இவ்வளவே அதிகம். இந்த இடம் மோதல் என்பதால் தாங்குகிறது. அடுத்த பத்தியில் செல்வி கடிகாரத்தைப் பார்த்தால், வெறுமனே பார்க்கட்டும். ‘கோபமாக முறைத்தார்’ என்று எங்காவது எழுதியிருந்தால் ‘கோபமாக’வை எடுத்துவிடுங்கள்.